தை முகூர்த்தச் சேலை: தறிக்குச் சொல்லணுமா, கடையில் எடுக்கணுமா, கடைசி வாரத்தில் பார்க்கணுமா?

தையில் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் எங்கள் கடைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, சேலை எத்தனை நாளில் வரும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "பிளவுஸில் ஆரி வேலை உண்டா?" என்று. திருநெல்வேலியில் இத்தனை வருஷம் கல்யாணச் சேலை விற்றதில், சேலை வராமல் முகூர்த்தம் தடுமாறியதை நான் பார்த்தது குறைவு. பிளவுஸ் சரியாக அமையாமல் முந்தின நாள் ராத்திரி பெண் அழுததைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தை 22, அதாவது பிப்ரவரி 5 வாக்கில் முகூர்த்தம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழி இருக்கிறது. மூன்றையும் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்க்கலாம்.

முதல் வழி, காஞ்சிபுரம் தறிக்குச் சொல்லி நெய்து வாங்குவது. நீங்கள் கேட்கும் உடல் நிறம் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலிலேயே இருந்தால், குறுக்கே ஓடும் ஊடை நூலின் நிறத்தையும் கரையையும் மாற்றி ஒரு மாதத்துக்குள் இறக்கிவிடலாம். புது நிறம் என்றால் பட்டுக்குச் சாயம் ஏற்றி, பாவு ஓட்டி, தறியில் பிணைத்த பிறகுதான் நெசவே தொடங்கும். ஒரு பாவில் பொதுவாக இரண்டு மூன்று சேலை வரும். ஒரே ஒரு சேலைக்காகப் புதுப் பாவு போடச் சொன்னால் விலை ஏறும், இல்லையென்றால் அந்த நிறத்துக்கு வேறு ஆள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். உடலும் கரையும் தனித்தனி ஊடையில் கோர்த்து வரும் கோர்வைச் சேலைக்கு நெசவு மட்டுமே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். எல்லாம் சேர்த்து 60 நாள் என்று நாங்கள் சொல்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் நீளும். குழித்தறியில் ஈரம் ஏறும், தெருவில் பாவு ஓட்ட முடியாது, சாயம் போட்ட நூல் காயாது.

இங்கேதான் பலர் கணக்கு தப்புகிறது. பிளவுஸ் துணி சேலையின் கடைசியில், அதே பாவில்தான் வருகிறது. சேலை தறியை விட்டு இறங்கி, அந்தத் துண்டை வெட்டிக் கொடுத்த பிறகுதான் ஆரிக்காரர் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்ட முடியும். அதனால் சேலையின் 60 நாளோடு ஆரிக்கு இரண்டு மூன்று வாரம், தையலுக்கு ஒரு வாரம், அளவு பார்த்துத் திருத்த ஒரு வாரம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும். மழையில் நீளும் நாளையும் சேர்த்தால், தை 22-க்கு அக்டோபர் முதல் வாரம், புரட்டாசியிலேயே தறிக்குச் சொல்லியாக வேண்டும்.

ஒரு பாளையங்கோட்டைக் குடும்பம் அக்டோபர் 20-ல் புது நிறம் சொன்னார்கள். நெசவாளர் டிசம்பர் 10 என்றார். மழை பிடித்து டிசம்பர் 27-ல்தான் வந்தது. பிளவுஸ் முழுக்க ஆரி போட நாள் இல்லை. கரை நிறத்துக்குப் பொருந்தும் ராசில்க் துணியில் முன்பே வேலை தொடங்கியிருக்கலாம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது தறி ஆர்டர் எழுதும்போதே அதைக் கேட்டுவிடுகிறோம்: ஆரி சேலையோடு வரும் துணியிலா, தனித் துணியிலா? தனித் துணி என்றால் இரண்டு வேலையும் ஒரே சமயத்தில் ஓடும், மூன்று வாரம் மிச்சம்.

தறி வழியில் எனக்குப் பிடித்த ஒரு நன்மை உண்டு. முழங்கை வரை கை வைப்பவர்களுக்கும் கொஞ்சம் உடம்பு இருப்பவர்களுக்கும் சேலையோடு வரும் 80 சென்டிமீட்டர் துண்டு பற்றாது. தறியில் ஒரு மீட்டர் கேட்டு வாங்கலாம். தயார்ச் சேலையில் அது நடக்காது.

இரண்டாவது வழி, இருப்பில் உள்ள சேலையை எடுத்து அன்றே பிளவுஸ் துணியை வெட்டிக் கொடுப்பது. முக்கால்வாசிப் பேருக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் இதற்கும் கார்த்திகை முதல் பாதியில் வந்துவிட வேண்டும். பாளையங்கோட்டையிலும் டவுனிலும் டிசம்பரில் தையல்காரர் கையில் கிறிஸ்துமஸ் துணி குவிந்திருக்கும், அது இறங்குவதற்குள் பொங்கல் துணி ஏறும். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஆகவே தையல்காரர் சும்மா இருப்பார் என்று நினைப்பது நம்ம ஊரில் பலிக்காது.

போன தையில் இந்த வழியில் வந்த அம்பாசமுத்திரம் பெண்ணுக்குச் சென்னையில் வேலை. தீபாவளிக்கு வந்தபோதே அளவு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா டிசம்பர் 1-ல் சேலை எடுத்தார்கள். லைனிங்கைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, பெண்ணின் அளவைத் துணியில் வரைந்து, 5-ம் தேதி சட்டத்தில் ஏற்றினோம். 22-ல் ஆரி முடிந்தது. கிறிஸ்துமஸ் கழித்துத் தைத்து, பொங்கலுக்கு ஊருக்கு வந்த பெண் ஜனவரி 13-ல் போட்டுப் பார்த்தார். கையில் அரை அங்குலம் இறுக்கம்.

ஆரி பிளவுஸில் இறுக்கம் வருவது பெரும்பாலும் கையில்தான். பக்கத்தில் தையல் பிரிக்கலாம், அங்கே பூ இருக்காது. கையில் ஆரிக் கரை சுற்றி ஓடுகிறது. தையல் ஓரம் வரை பூப் போட்டு, உள்ளே துணி விடாமல் தைத்துவிட்டால் பிரிக்க இடமே இருக்காது. பட்டில் இன்னொரு சங்கடம், பிரித்த பழைய தையலின் ஊசித் துளை வரிசையாகத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அக்குள் பக்கத் தையலுக்கு ஒரு அங்குலம் முன்பே பூவை நிறுத்தி, உள்ளே முக்கால் அங்குலம் துணி விட்டிருந்தோம். பிரித்த இடம் கை இறக்கினால் மறைந்துவிட்டது. பொங்கல் லீவு கழிந்து 21-ம் தேதி பிளவுஸ் கையில், முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் மிச்சம். உங்கள் தையல்காரர் யாராக இருந்தாலும், சட்டத்தில் ஏற்றும் முன் இந்த இரண்டையும் கேளுங்கள்: பூ எங்கே நிற்கும், உள்ளே எவ்வளவு துணி?

மூன்றாவது வழி, பொங்கல் கழித்து வருவது. நிச்சயமே தை பிறந்து நடக்கும் வீடுகள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல முடியாது. சேலைக்குக் குறைச்சல் இருக்காது. ஆனால் ஆரியை விட்டுவிடுங்கள் என்று மனதாரச் சொல்கிறேன். பத்து நாளில் முழு ஆரி கேட்டால் இரண்டு மூன்று பேர் ஒரே சட்டத்தில் உட்கார்ந்து போடுவார்கள், தையல் நெருக்கம் ஆளுக்கு ஆள் மாறும், பின்பக்கம் முடிச்சுத் தளர்ந்து மணி உதிரும். சேலைக் கரையையே கையில் வைத்துத் தைத்தால் நான்கு நாளில் முடியும், போட்டோவிலும் நன்றாக வரும். அவசரத்தில் ஃபால்ஸை நனைக்காமல் தைக்கவும் விடாதீர்கள். முதல் தண்ணீர் பட்டதும் அது சுருங்கிக் கொசுவத்தின் அடி சுருண்டுகொள்ளும்.

இந்தத் தைக்கு எங்கள் கடையில் தறி புக்கிங் புரட்டாசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு ஓடும் பாவில் உள்ள நிறங்களுக்கு மட்டும் எழுதுகிறோம். கார்த்திகை 15-க்குள் சேலை எடுப்பவர்களுக்கு ஃபால்ஸ், முந்திக் குஞ்சம், முதல் ஆல்டரேஷன் மூன்றும் எங்கள் செலவு. மார்கழி பிறந்த பிறகு முழு ஆரிக்கு ஆர்டர் எடுப்பதில்லை, கைக்கு மட்டும் எடுக்கிறோம்.

அளவு கொடுக்க வரும்போது நன்றாகப் பொருந்தும் பழைய பிளவுஸ் ஒன்றும், முகூர்த்தத்தன்று போடப்போகும் உள்ளாடையும் கொண்டுவாருங்கள். உள்ளாடை மாறினால் மார்பளவே மாறிவிடும். பெண் வெளியூரில் இருந்தால் அம்மாவின் கையில் கொடுத்தனுப்பும் அளவுச் சீட்டு போதாது. பெண் ஊருக்கு வரும் தேதியை முதலில் சொல்லுங்கள். போட்டுப் பார்க்கும் நாளை அதற்குப் பொருத்தி, மற்றதையெல்லாம் அங்கிருந்து பின்னோக்கி எழுதித் தருகிறோம்.