தேதியை மாற்றுவதா, இருக்கிற பத்திரங்களோடு போவதா?

காட்பாடிப் பக்கம் ஒரு வீட்டுமனை. அப்பா 1992-இல் கிரயம் வாங்கியது. அவர் காலமாகிவிட்டார், மூன்று பிள்ளைகளும் சேர்ந்து விற்கிறார்கள். வாங்குபவர் முன்பணம் கொடுத்து, மூன்று மாதக் கெடுவோடு ஒப்பந்தமும் போட்டாகிவிட்டது. பத்திரங்களைச் சரிபார்க்க, சத்துவாச்சாரியில் வக்கீலிடம் வெள்ளிக்கிழமை மாலை நேரம் வாங்கியிருக்கிறார். முந்தின நாள் பார்த்தால் இரண்டு குறை: வில்லங்கச் சான்று 2010-இலிருந்துதான் இருக்கிறது, வாரிசுச் சான்று இல்லவே இல்லை.

வில்லங்கம் மட்டும் குறை என்றால் தேதியை மாற்றுவதே மேல். அது இல்லாமல் போனால், 1992-க்கும் 2010-க்கும் நடுவே அடமானம் ஏதும் உண்டா என்று வக்கீலால் சொல்ல முடியாது. திரும்பவும் போக வேண்டியிருக்கும். tnreginet.gov.in தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம் என்பதால் ஓரிரு நாள் தள்ளினால் போதும். தேடும்போது இன்றைய சர்வே உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டால் பழைய பதிவுகள் விட்டுப்போகும். 1992 பத்திரத்தில் உள்ள எண்ணையும் போட்டுப் பாருங்கள். கிராமம் இடையில் வேறு சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். ‘பதிவு ஏதுமில்லை’ என்று வந்தவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது.

வாரிசுச் சான்று குறை என்றால் கதையே வேறு. அது தாசில்தார் தர வேண்டியது; இ-சேவை மையத்தில் மனு போட்டு, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்துதான் வரும். அதுவரை வக்கீலைத் தள்ளினால் ஒப்பந்தக் கெடு காத்திருக்காது. இங்கே இருப்பதோடு போவதுதான் லாபம். ஏனென்றால் மனுவில் யார் யார் பெயர் வர வேண்டும் என்பதையே அவர் சொல்லித் தருவார். கட்டிக்கொடுத்த மகளை விட்டுவிடுவது வழக்கமான பிழை. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருக்கும் பங்குண்டு. பாட்டியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று பிள்ளைகள் மட்டுமே விற்பதாகச் சொல்லும் இந்த ஒப்பந்தத்தில், அம்மா இருக்கிறாரா, அக்கா தங்கை உண்டா என்பதுதான் வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும்.

ஆகவே இந்த விஷயத்தில் வெள்ளிக்கிழமையை விடக்கூடாது. வில்லங்கத்தை வியாழன் இரவே இணையத்தில் எடுத்துக்கொண்டு போகலாம்.

தேதியை மாற்றத்தான் வேண்டுமென்றால், வக்கீல் கோர்ட்டில் இருக்கும் நேரத்தில் அவரையே அழைப்பதைவிட குமாஸ்தாவிடம் முந்தின நாளே சொல்வது நல்லது. “பேப்பர் ரெடியாகல சார்” என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. “வில்லங்கம் 2010-க்கு முன்னாடி இல்ல சார், திங்கட்கிழமை கைக்கு வந்துடும், செவ்வாய் சாயந்திரம் வரலாமா?” என்று கேளுங்கள். கையில் உள்ள பத்திரங்களின் நகலை அப்போதே கொடுத்துவிட்டால் வக்கீல் படித்து வைத்திருப்பார். மூலப்பத்திரத்தை விட்டுவிட்டு வர வேண்டாம்.

கெடு நெருங்கினால், கால நீட்டிப்பை வாய்ப்பேச்சில் விடாமல், வக்கீல் எழுதித் தரும் வாசகத்தில் விற்பவர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் வெளியூரில் இருந்தால் அதற்கே ஒரு வாரம் ஓடிவிடும்.