ரஸ்தாளியா, பூவனா? படத்தில் எதை நம்புவது

வாழைக் கன்று நட்டு, தார் விட்ட பிறகு வரும் சந்தேகம் இது: ரஸ்தாளி என்று சொல்லி வாங்கியது பூவனா? வீண் சந்தேகம் என்று தள்ள முடியாது. ரஸ்தாளி வாடல் நோய்க்குச் சீக்கிரம் இரையாகும். அதே மண்ணில் பூவன் பெரும்பாலும் தாக்குப் பிடிக்கும். மறு நடவுக்குப் பக்கக் கன்று எடுக்கும் முன் ரகம் தெரிந்தாக வேண்டும். கையில் இருப்பது படம் மட்டும் என்றால் மர நிறம், காய் வடிவம், தார் அமைப்பு என்று மூன்று தடயங்கள். நான் முதலில் நம்புவது தார் அமைப்பை, அடுத்துக் காயின் நுனியை. நிறம் கடைசியில்தான்.

பலரும் நிறத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வாழை ஆய்வாளர்கள் சிம்மண்ட்ஸும் ஷெப்பர்டும் 1955-இல் வெளியிட்ட 15 அடையாளங்கள் கொண்ட மதிப்பெண் முறையில் மரத்தின் நிறமும் ஒன்று. ஆனால் அந்த முறை, ஒரு வாழையில் அக்யூமினேட்டா, பால்பிசியானா என்ற இரு காட்டு இனங்களின் பங்கு எவ்வளவு என்று கணிப்பதற்கானது. ரஸ்தாளி, பூவன் இரண்டுமே ஏஏபி பிரிவு, அதாவது இரண்டு பங்கு அக்யூமினேட்டா, ஒரு பங்கு பால்பிசியானா. ஒரே பிரிவுக்குள் இருக்கும் இரண்டைப் பிரிக்க அது அதிகம் உதவாது.

நிறத்தில் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. ரஸ்தாளியின் மரம் மஞ்சள் கலந்த பச்சை, மேலே பழுப்புத் திட்டுகள், இலைக்காம்பின் இரு விளிம்பிலும் சிவப்புக் கோடு. பூவனில் சிவப்பு வேறு இடத்தில் இருக்கும்: இலையைத் திருப்பினால் நடுநரம்பின் அடிப்புறம் முழுக்க இளஞ்சிவப்பு ஓடும். நேரில் பார்த்தால் இது தெளிவு. படத்தில்தான் வழுக்குகிறது. மாலை வெயிலில் எல்லா மரமும் மஞ்சளடிக்கும், பச்சை நிழல்வலைக்குக் கீழே சிவப்பு மங்கிவிடும், காய்ந்த பட்டையை உரிக்காமல் எடுத்தால் தெரிவது சருகின் பழுப்பு. செவ்வாழையிலேயே சில மரம் நிறம் மாறிப் பச்சையாகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தார் அமைப்பை வெளிச்சம் ஏமாற்ற முடியாது. பூவன் தார் நெருக்கமானது. சீப்பின் மேல் சீப்பு ஏறி நிற்கும், இடையில் காம்பே தெரியாது, நல்ல மரத்தில் சீப்பு பத்தைத் தாண்டும். ரஸ்தாளியில் சீப்பு பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது. தார் சிறியது, சீப்புகளுக்கு நடுவே இடைவெளி கண்ணில் படும். மங்கலான, தூரத்துப் படத்திலும் இந்த நெருக்கம் தெரியும். அதனால்தான் இதற்கு முதலிடம்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. உரம் குறைந்தாலோ, மறுதாம்பாக இருந்தாலோ பூவனிலும் ஏழு சீப்போடு நின்றுவிடும். அப்போது காயின் நுனிக்குப் போக வேண்டும். பூவன் காய் குட்டையாகக் கொழுத்து, நுனியில் சட்டென்று ஒடுங்கிப் புட்டிக் கழுத்துபோல மூக்கு நீட்டும். ரஸ்தாளிக் காயும் கொழுத்தது, ஏறக்குறைய நேரானது, ஆனால் அந்த மூக்கு அவ்வளவு எடுப்பாக இராது. காயின் பக்க வரம்புகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பிஞ்சில் எல்லாமே வரம்பு எடுத்துத்தான் இருக்கும், முற்ற முற்ற உருண்டுவிடும்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். மரம் மஞ்சள் பச்சை, பழுப்புத் திட்டுகளும் உண்டு. நிறத்தை மட்டும் பார்த்தால் ரஸ்தாளி. நிழல் நீளமாக விழுந்திருக்கிறது, அதாவது சாயங்கால வெயில், மஞ்சளை நம்ப முடியாது. தாரில் எட்டு சீப்பு. இது இரண்டு பக்கமும் சாயும். ஆனால் சீப்புகள் ஒன்றின் மேல் ஒன்று அழுந்தியிருக்கின்றன, கீழ்ச் சீப்புக் காய்களில் மூக்கு தெளிவாக நீண்டிருக்கிறது. எனக்கு இது பூவன். இலையின் அடிப்புறப் படம் ஒன்று கிடைத்து, அதில் இளஞ்சிவப்பும் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

ஆகவே படம் எடுப்பவர் முழு மரத்தை ஒரே படத்தில் அடக்காமல் நான்காகப் பிரித்து எடுக்கட்டும்: தாரை அதன் உயரத்துக்கே ஏறிப் பக்கவாட்டில் ஒன்று, கீழ்ச் சீப்பின் காய் நுனி நெருக்கத்தில் ஒன்று, இலையின் அடிப்புறமும் காம்பு விளிம்பும் சேர்ந்து ஒன்று, சருகை உரித்த மரம் இடுப்பு உயரத்தில் ஒன்று. கடைசி இரண்டிலும் ஓரமாக ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிறம் எவ்வளவு திரிந்திருக்கிறது என்று தெரியும்.

ரொபஸ்டாவா, கிராண்ட் நைனா என்ற கேள்விக்கு இந்த நான்கு படமும் போதாது. இரண்டும் கேவண்டிஷ் குடும்பம், அவ்வளவு நெருக்கம். வெறும் கன்றின் படத்தை வைத்து ரஸ்தாளியையும் பூவனையும் பிரிக்கவும் நான் துணிய மாட்டேன். கன்று விற்பவரிடம் தாய் மரத்தின் தாரைக் காட்டச் சொல்லுங்கள்.