வெள்ளி மாலையா, ஞாயிறு இரவா?

சவுதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. ஊரில் பள்ளிக்கு விடுமுறை ஞாயிறு. சவுதியில் வேலை செய்பவர் ஊரிலுள்ள குடும்பத்தோடு வாரம் ஒரு வீடியோ கால் பேசுவது என்றால் யாருடைய விடுமுறையைப் பிடிப்பது?

நேரம்: இந்தியா இரண்டரை மணி நேரம் முன்னால். வெள்ளி அங்கே மாலை 4:30 என்றால் இங்கே இரவு 7. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டிருப்பார்கள்.
ஞாயிறு அங்கே வேலை நாள். 6 மணிக்கு முடித்து, அறைக்கு வந்து, குளித்து 7:30க்கு அழைத்தால் இங்கே இரவு 10. சின்னவன் தூங்கியிருப்பான், மறுநாள் பள்ளி வேறு.

நிலைப்பு: ஞாயிறு ஓவர்டைம் வந்தால் அழைப்பு தள்ளிப்போகும். இரண்டு வாரம் தவறினால் 'இன்னைக்கு வருமா' என்ற கேள்வி வந்துவிடும், அதுதான் எரிச்சல். வெள்ளியில் அந்தச் சிக்கல் குறைவு.

இணைப்பு: வெள்ளி மாலை அறையில் எல்லோரும் ஒரே வைஃபையில் இருந்தால் படம் உறையும். அப்போது மொபைல் டேட்டாவுக்கு மாறுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் வெள்ளிதான். மனைவி வெள்ளி இரவு வேலையில் இருப்பார் என்றால் ஞாயிறு. ஆனால் இரவு வேண்டாம், அங்கே காலை 5:30, இங்கே 8. வேலைக்குக் கிளம்பும் முன் 20 நிமிடம், அவ்வளவுதான் கிடைக்கும்.