மூன்று நம்பர், ஒரு போன், இரண்டு நாள் பூட்டு

வெள்ளவத்தையில் கடை போடப்போகிற நண்பர் ஒருவர் நேற்றுக் கேட்டார், நான் பாவிக்கிற அந்த ஓடர் ஆப்பைத் தானும் போடலாமா என்று. இரண்டு வருடமாகப் பாவிக்கிறேன். ஓடர் தவறியதில்லை, காசு கணக்குப் பிழைத்ததில்லை, ஒரே போனில் என் நம்பர், கடை நம்பர், கொட்டாஞ்சேனையில் இருக்கிற அம்மாவின் நம்பர் மூன்றையும் மாற்றி மாற்றி வைத்திருக்க விடும். இதெல்லாம் உண்மை. ஆனால் போன மாதம் போனைத் திருத்தக் கொடுத்து, போர்டு மாற்றி வாங்கி வந்த அன்று நடந்ததைத்தான் அவருக்கு முதலில் சொன்னேன்.

போர்டு மாறியதால் ஆப் அதைப் புதுப் போன் என்று எடுத்துக்கொண்டது, மூன்று நம்பரையும் மறுபடி உறுதிப்படுத்தச் சொன்னது. என் நம்பரைப் போட்டேன். ஒரு நிமிடம் எண்ணி முடிந்தும் கோட் வரவில்லை, திரும்ப அனுப்பு என்பதை அழுத்தினேன், அப்படியே மூன்று தடவை. ஆறாவது நிமிடத்தில் நாலு மெசேஜும் சேர்ந்து விழுந்தன. நாலிலும் ஒரே வசனம், ஆறு இலக்கம் மட்டும் வேறு, எது கடைசியாகக் கேட்டது என்று தெரிய ஒரு அடையாளமும் இல்லை. மேலே இருந்ததை அடித்தேன், பிழை. அடுத்தது, பிழை. மூன்றாவதோடு திரையில் `Too many attempts. Try again later.` என்று வந்து நின்றது.

சரி, அந்த நம்பர் பூட்டிவிட்டது என்று நினைத்து அம்மாவின் நம்பரைப் போட்டேன். அவசரத்தில் அதற்கும் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். அம்மா கோல் எடுத்து, "மகன், ரெண்டு வந்திருக்கு, எதைச் சொல்ல?" என்றார். கடைசியாக வந்ததைச் சொல்லச் சொன்னேன், அதுவும் பிழை. அப்புறம் கடை நம்பர். அன்று அதை நான் தொடவே இல்லை, ஆனாலும் கோட் கேட்டவுடனேயே அதே வசனம்.

அங்கேதான் யோசனை வந்தது. மனைவியின் போனை வாங்கி, அதே வீட்டு வைஃபையில், அதே கடை நம்பரைப் போட்டுப் பார்த்தேன். பத்து செக்கனில் கோட் வந்தது, உள்ளே போனது. அப்படியென்றால் பூட்டு கடை நம்பரிலும் இல்லை, வைஃபையிலும் இல்லை, என் போனில் இருக்கிறது. இப்படியான ஆப்கள் செய்கிற மச்சான் ஒருவர் பிறகு விளங்கப்படுத்தினார்: நம்பருக்கு ஒரு எண்ணிக்கை, போனுக்கு ஒன்று, இணைய இணைப்பின் முகவரிக்கு ஒன்று என்று தனித்தனியாக ஓடலாம். அதோடு கோட் கேட்பது ஒரு கணக்கு, கோட் அடிப்பது இன்னொரு கணக்கு. மொபைல் டேட்டாவில் ஒரே முகவரியைப் பலர் பகிர்வதால், முன்பின் தெரியாத ஆட்கள் கேட்ட கோட்டும் நம் கணக்கில் விழலாமாம்.

கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆறு இலக்கம் என்றால் பத்து லட்சம் சேர்க்கைதான், எத்தனை தடவையும் அடிக்கலாம் என்று விட்டால் இயந்திரம் கண்டுபிடித்துவிடும். ஐந்தோடு நிறுத்தினால் இரண்டு லட்சத்தில் ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு மெசேஜுக்கும் கம்பனிக்குச் செலவு, வேண்டுமென்றே ஆயிரக்கணக்கில் கோட் கேட்டு அந்தக் காசில் பங்கு எடுக்கிற மோசடியும் இருக்கிறது.

ஆனால் பத்து நிமிடத்துக்குள் திரும்பக் கேட்டால் அதே கோட்டையே அனுப்புகிற சேவைகள் உண்டு. ஆப்களுக்காகக் கோட் அனுப்பிக் கொடுக்கிற டுவிலியோ கம்பனியின் வெரிஃபை அப்படித்தான் வேலை செய்கிறது. அப்படி இருந்தால் எந்த மெசேஜைப் பார்த்து அடித்தாலும் சரிவரும். இந்த ஆப்பில் புதியதைக் கேட்ட கணமே பழையது செத்துவிடும், செத்ததை அடித்தால் அது திருடன் அடித்த பிழையோடு சேர்த்து எண்ணப்படும். மெசேஜ் பிந்தியதற்கு நான் என்ன செய்வது? எது பூட்டியது, எத்தனை மணித்தியாலம் என்று இரண்டு சொல் எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை, அதனால் மறுநாள் காலையில் திரும்ப அழுத்தினேன், இன்னும் பூட்டுத்தான். அந்த அழுத்தலும் எண்ணப்பட்டதா என்று இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு ஒரு முழு நாள் ஒன்றையும் தொடாமல் விட்டு, என் நம்பருக்கு ஒரே ஒரு தடவை கேட்டேன். கோட் வர நாலு நிமிடம் எடுத்தது, மீண்டும் அனுப்பச் சொல்லாமல் காத்திருந்தேன், திறந்தது. அம்மாவினது அடுத்த நாள், அதுவும் ஒரே தடவையில்.

இப்போது மூன்றும் முன்போலவே ஓடுகின்றன, குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருந்தும் நண்பரிடம் போடவேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டு நாள் ஓடர் எடுக்காமல் புதுக் கடை தாங்காது. என் கடை நம்பரை மனைவியின் போனிலேயே விட்டுவிட்டேன், திரும்ப எடுக்கவில்லை.