கோலத்தில் வாழ்த்து படித்த எழுத்துணரி: மூன்றாண்டு அனுபவம்

முத்தியால்பேட்டையில் எங்கள் குடும்பத்தாரிடமும் உறவினரிடமும் இருந்த பழைய கடிதங்கள், ரசீதுகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஸ்கேன் செய்து, அவற்றில் உள்ள எழுத்துகளைத் தேடத்தக்க உரையாக மாற்றும் வேலையை மூன்று ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். எழுத்துள்ள தாள்களில் எழுத்துணரி, அதாவது படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள், செய்யும் பிழைகளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதிகத் தொல்லை கொடுத்தவை எழுத்தே இல்லாத படங்கள்தாம்: பிச்சாவரத்துச் சுரபுன்னை வேர்கள், வெள்ளிக் கடற்கரை மணல், வாசல் கோலங்கள்.

நான் முதன்மையாகப் பயன்படுத்துவது Tesseract என்ற எழுத்துணரி. 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்ட இதற்குத் தமிழ்ப் பயிற்சிக் கோப்பும் உண்டு. தொடக்கத்தில் எல்லாப் படங்களையும் ஒரே கட்டளையில் ஓட்டினேன்:

```
tesseract kolam.jpg out -l tam --psm 6 tsv
```

தவறு என்னுடையதுதான். `--psm 6` என்பது, படம் முழுவதும் ஒரே சீரான உரைத்தொகுதி என்று கருதிக்கொள்ளும்படி மென்பொருளுக்கு நாம் சொல்வதாகும். சிக்குக் கோலத்தின் வளைவுகளை அது வரிவரியாக அறுத்து, `ட`, `0`, `ஓ`, `:` என்று எதையாவது எழுதித் தந்தது. பிறகு `--psm 3` என்ற இயல்பு முறைக்கு மாறியதும் அதே கோலத்துக்கு `Empty page!!` என்ற செய்தி வந்தது. மூன்று மாதம் குப்பையைக் களைந்த எனக்கு அந்தச் செய்தி எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சில படங்களில் இயல்பு முறையும் ஓரிரு எழுத்துகளைக் கண்டுபிடித்துவிடுகிறது.

குப்பை எழுத்தையாவது பார்த்தவுடன் குப்பை என்று சொல்லிவிடலாம். உண்மையில் அஞ்ச வேண்டியது வேறு. படத்தைப் பதிவேற்றினால் உரையைத் தரும் ஒரு புதிய செயற்கை நுண்ணறிவுச் சேவையில் அதே கோலத்தை ஏற்றினேன். "இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்" என்று ஒற்றெழுத்துகூடப் பிசகாமல் பதில் வந்தது. படத்தில் ஒரு எழுத்தும் இல்லை. இப்படிப்பட்ட கோலப்படங்களின் அடியில் வழக்கமாக என்ன எழுதியிருக்கும் என்ற பழக்கத்திலிருந்து அந்த வாழ்த்து பிறந்திருக்கிறது. பிழையற்ற தமிழில் இருந்ததால், மூலப்படத்தைப் பாராத ஒருவர் இதைச் சந்தேகிக்கவே மாட்டார்.

இதைப் பிடிக்க நான் கண்ட வழி எளிது. படத்தின் ஓரங்களில் சிறிது வெட்டி, அளவை ஒன்றரை மடங்காக்கி, மீண்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும். உண்மையான எழுத்து இருந்தால் அதே சொல் பெரும்பாலும் திரும்ப வரும். கோடுகளிலிருந்து கற்பிக்கப்பட்ட சொல் மாறிவிடும். வெட்டிய கோலத்துக்குப் பொங்கல் போய்ப் புத்தாண்டு வாழ்த்து வந்தது. `tsv` கோப்பில் வரும் `conf` என்ற நம்பிக்கை மதிப்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது; தனித்து நிற்கும் ஒரு வளைவு சில வேளை உண்மையான எழுத்தைவிட உயர்ந்த மதிப்பைப் பெற்றுவிடுகிறது.

அப்படியானால் நேர்மையான பதில் எப்படி இருக்க வேண்டும்? வெற்றுக் கோப்பு மட்டும் போதாது என்பது என் கருத்து. கோப்பு வெறுமையாக இருந்தால், எழுத்து இல்லையா, மென்பொருள் பாதியில் நின்றுவிட்டதா, மங்கலாக இருந்ததால் படிக்க முடியவில்லையா என்று தெரியாது. ஆகவே என் பட்டியலில் "எழுத்து இல்லை", "எழுத்து உள்ளது, படிக்க இயலவில்லை", "படிக்கப்பட்டது" என மூன்று நிலைகளைத் தனித்தனியாக எழுதுகிறேன். படத்தில் தென்படும் காட்சியை விவரிப்பதில் தவறில்லை. ஆனால் அது விளக்கத்துக்கான தனிக் கட்டத்தில் இருக்க வேண்டும். ஒருமுறை "படகு, அலை, தென்னை" என்ற விளக்கத்தை உரைக் கட்டத்திலேயே இட்டுவிட்டேன். பின்னர் "படகு" என்று தேடியபோது, தாத்தா படகு வாங்கிய ரசீதோடு அந்தக் கடற்கரைப் படமும் சேர்ந்து வந்து, அதிலும் ஏதோ கணக்கு எழுதியிருக்கிறது என்று என் தம்பி அரைமணி நேரம் தேடினான்.

மூன்று நிலைகளில் இரண்டாவதைப் பலர் தேவையற்றது என்பார்கள். மணல்மேட்டுப் படம் ஒன்றின் பின்புறத்தைத் தனியாக ஸ்கேன் செய்தபோது எழுத்துணரி எதையும் தரவில்லை. என் கண்ணுக்கு மட்டும் இரண்டு மெல்லிய கீறல்கள் தெரிந்தன. "படிக்க இயலவில்லை" என்று குறித்து வைத்தேன். ஓராண்டு கழித்து, அந்த நிலையில் இருந்தவற்றை மட்டும் எடுத்து, அட்டையைச் சாய்த்துப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தோம். பென்சில் அழுத்தத்தில் "கடலூர் ஓ.டி.", அதாவது கடலூர் பழைய நகரம், என்று அத்தையின் கையெழுத்து தெரிந்தது.