சர்வே படிவங்களை டேட்டா என்ட்ரிக்குக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்: 21,600 ரூபாய் போய்விட்டது

நேற்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், யாராவது ஒருவராவது தப்பிக்கட்டும்.

நான் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் வேலை செய்கிறேன். நான்கு ஊராட்சிகளில் வீடு வீடாகப் போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் பற்றி 540 படிவங்கள் நிரப்பினோம். எங்கள் களப்பணியாளர்கள் நான்கு பேரும் வெயிலில் அலைந்து இரண்டரை மாதத்தில் முடித்தார்கள். அதை எக்செல்லில் ஏற்றும் வேலையைத்தான் பேருந்து நிலையம் பக்கத்தில் உள்ள ஒரு டேட்டா என்ட்ரி கடையில் கொடுத்தேன். ஜாப் டைப்பிங், ப்ராஜெக்ட், தீசிஸ் என்று போர்டு மாட்டிய கடை. படிவத்துக்கு 40 ரூபாய் வீதம் 21,600 ரூபாய். பாதியை முன்பணமாகக் கேட்டார்கள்.

கோட்புக்கை நானே தயாரித்திருந்தேன், ஆறு பக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் எக்செல்லில் எந்த நெடுவரிசை, எந்தப் பதிலுக்கு எந்த எண் என்று எழுதியிருந்தேன். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2. உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் சர்வேயில் இருப்பதுபோல தெரியாது என்றால் 77, சொல்ல மறுத்தால் 88. நாங்களாகச் சேர்த்தவை இரண்டு: அந்தக் கேள்வி அவருக்குப் பொருந்தாது என்றால் 66, கேட்டிருக்க வேண்டும், ஆனால் எழுதாமல் விட்டுப்போனது என்றால் 99. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே கோடிட்டு எழுதியிருந்தேன்.

ஓனர் பொறுமையாக எல்லாவற்றையும் படித்தார். "சிஸ்டர், இவ்வளவு தெளிவா யாருமே கொடுத்ததில்லை" என்றார். என் கண் முன்னாலேயே பத்து படிவங்களை ஏற்றச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒரு பிழை இல்லை. "அண்ணே, மீதியும் இதே மாதிரி இருக்கணும்" என்றேன். "நம்ம வீட்டு வேலை மாதிரி பாத்துக்குறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். படிவக் கட்டுகளை அப்படியே ஒப்படைத்து 10,800 கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து முடிந்தது என்று கடவுச்சொல் போட்ட ஃபைலை அனுப்பினார். மீதி 10,800 போட்டால்தான் கடவுச்சொல் என்றார். போட்டேன்.

திறந்ததும் முதலில் ஒவ்வொரு கேள்விக்கும் எந்த எண் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். அங்கேயே வயிறு கலங்கிவிட்டது. 540 பேரில் ஒருவருக்குக்கூட 66 இல்லை, 99-ம் இல்லை.

Q14, சர்க்கரை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறாரா என்ற கேள்வி. ஆம் என்றவர்களிடம் மட்டும்தான் Q15, அதாவது இப்போது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்போம். மற்றவர்களுக்கு 66 வர வேண்டும். ஷீட்டின்படி Q14-ல் ஆம் 61 பேர், இல்லை 468 பேர், தெரியாது 11 பேர். Q15-ல் 1 என்று 44 பேர், 2 என்று 496 பேர்! காலியாக இருந்த கட்டத்தில் எல்லாம் 2 போட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். அந்த நெடுவரிசையை அப்படியே சதவீதமாக்கினால் 540-ல் 44, அதாவது 8 சதவீதம்தான் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று வரும். உண்மையில் 61-ல் 44, 72 சதவீதம். அந்த 8-ஐ எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நின்றிருந்தால் எங்கள் மானம் என்ன ஆகியிருக்கும்? இதைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும், Q14 N நெடுவரிசையிலும் Q15 O நெடுவரிசையிலும் இருந்தால்:

```
=COUNTIFS(N:N,2,O:O,"<>66")
```

பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் 468 வந்தது.

சரி, இதையாவது Q14-ஐ வைத்துத் திருத்திவிடலாம். Q22-ஐ எதை வைத்துத் திருத்துவது? உடம்புக்கு முடியாவிட்டால் எங்கே போவீர்கள், பொருந்தும் எல்லாவற்றுக்கும் டிக் போடுங்கள் என்ற கேள்வி அது. ஐந்து இடங்கள், அதனால் Q22_1 முதல் Q22_5 வரை ஐந்து நெடுவரிசைகள். டிக் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இவர்கள் படிவத்தில் மேலே இருக்கும் முதல் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு மீதிக்கு 0 போட்டிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பட்டியலில் முதலாவது, மருந்துக்கடை நான்காவது. அதனால் சீட்டு இல்லாமல் கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள் ஷீட்டில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நாங்கள் சர்வே எடுத்ததே அவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளத்தான்.

இதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. ரத்த அழுத்தத்தை ஒருவருக்கு மூன்று முறை எடுத்தோம், கடைசி இரண்டின் சராசரியைக் கணக்கில் எடுப்பதற்காக. மூன்று ரீடிங் என்றால் ஆறு எண்கள். இரண்டு பேருக்கு ஆறும் அப்படியே ஒத்துப்போவது மிக மிக அரிது. ஆறையும் ஒட்டி ஒரே நெடுவரிசையாக்கி, இரட்டிப்பாக வருவதற்கு நிறம் அடிக்கச் சொன்னேன். 391-லிருந்து 540 வரை 150 வரிசையும் நிறமாகிவிட்டது. 211 முதல் 360 வரை உள்ளதை காப்பி எடுத்து ஒட்டி, வயதை மட்டும் ஒன்றிரண்டு மாற்றியிருக்கிறார்கள்.

நம்ப முடியாமல் கடைக்கு ஓடிப்போய்க் கட்டுகளை வாங்கி வந்து 402-ஆம் படிவத்தை எடுத்தேன். 58 வயது அம்மா. காகிதத்தில் முதல் ரீடிங் 168/96. ஓரத்தில் எங்கள் களப்பணியாளர் நீல மையில் "மாத்திரை தீர்ந்து 3 வாரம்" என்று எழுதி வட்டம் போட்டிருக்கிறார். ஷீட்டில் அந்த அம்மாவுக்கு 124/80. அது 222-ஆம் படிவக்காரரின் அளவு. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

ஃபோன் செய்தால் முதல் நாள், "ஃபார்ம்ல எழுத்தே புரியல சிஸ்டர்." மறுநாள், "உங்க கோட்புக்லதான் குழப்பம்." 150 வரிசை காப்பி என்றதும், "அந்தப் பொண்ணு வேலையை விட்டு நின்னுருச்சு, நான் என்ன பண்ண?" நேரில் போனால் ஓனர் வெளியூர். நேற்று வந்த பதில்: "திரும்ப ஏத்தணும்னா படிவத்துக்கு 25 ரூபாய் ஆகும்." 21,600 வாங்கிக்கொண்டு மேலே 13,500 கேட்கிறார்! திரும்பக் கொடுத்த கட்டிலும் 533 படிவங்கள்தான் இருந்தன. மீதி 7 எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அவற்றின் முதல் பக்கத்தில் பெயரும் கதவு எண்ணும் இருக்கின்றன. யாரிடமும் காட்ட மாட்டோம் என்று சொல்லித்தான் அந்த வீடுகளில் கையெழுத்து வாங்கினோம். பணத்தைவிட இதுதான் அறுக்கிறது.

விவரமாக யோசனை சொல்லலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது கை ஓடவில்லை. பெயர் உள்ள பக்கத்தைக் கிழித்து உங்களிடமே வைத்துக்கொண்டு, படிவ எண் மட்டும் உள்ள பக்கங்களைக் கொடுங்கள், முடிந்தால் நகல் கொடுங்கள். கண் முன்னால் செய்து காட்டும் பத்தை நம்பாதீர்கள். 50, 50 ஆக வாங்கி, நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் நீங்களே சில எண்களை எடுத்துக் காகிதத்தோடு ஒப்பிட்டுவிட்டு அந்த 50-க்கு மட்டும் பணம் கொடுங்கள். வசதி இருந்தால் இரண்டு பேரைத் தனித்தனியாக ஏற்ற வைத்து, வேறுபடும் கட்டங்களை மட்டும் படிவத்தில் பாருங்கள். கடவுச்சொல்லுக்காக மீதிப் பணத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

21,600 ரூபாய்க்கு ரசீதுகூட வாங்கவில்லை. யுபிஐயில் போன 10,800-க்கு மட்டும் சான்று இருக்கிறது, அதை வைத்து நாளை புகார் கொடுக்கப் போகிறேன். இன்று மாலையிலிருந்து நானும் இன்னொரு களப்பணியாளரும் முதல் படிவத்திலிருந்து ஏற்ற ஆரம்பித்துவிட்டோம். 38 முடிந்திருக்கிறது.