அடிமட்டமா, அட்டவணையா: நேரியல் நிரலாக்கத்தின் கடைசிப் படி

திருகோணமலையில் நான் எடுக்கும் ரியூசன் வகுப்பில் நேரியல் நிரலாக்கம் தொடங்கினால் முதல் கணக்கு எப்போதும் கருவாட்டு வாடிதான். கிண்ணியாவில் இருந்து வரும் பிள்ளைக்கும் நிலாவெளியில் இருந்து வரும் பிள்ளைக்கும் வாடியைப் பற்றி விளக்கத் தேவையில்லை. இலக்கங்கள் மட்டும் நான் வசதிக்குப் போட்டவை. அதை வைத்து யாரும் வியாபாரம் தொடங்கிவிட வேண்டாம்.

கணக்கு இது. ஒரு மூட்டை பாரைக் கருவாட்டுக்கு 4 கிலோ உப்பும் காயப்போட 2 பாயும் வேண்டும். நெத்தலிக்கு உப்பு குறைவு, 2 கிலோ போதும். ஆனால் பரவலாகப் போட வேண்டியதால் 3 பாய் பிடிக்கும். கையில் 40 கிலோ உப்பு, 36 பாய். கடைக்காரர் ஒருவர் குறைந்தது 3 மூட்டை நெத்தலி கேட்டிருக்கிறார். பாரை மூட்டைக்கு 3000 ரூபாய் இலாபம், நெத்தலி மூட்டைக்கு 2500. இலாபம் மிகக் கூட வர எத்தனை எத்தனை மூட்டை போட வேண்டும்?

மாறிகளை எழுதும்போது "x = பாரை" என்று விட்டுவிடக் கூடாது. "x = பாரை மூட்டைகளின் எண்ணிக்கை" என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில் x கிலோவாக மாறிவிடும். கட்டுப்பாடுகள்:

4x + 2y ≤ 40
2x + 3y ≤ 36
y ≥ 3, x ≥ 0

"குறைந்தது" என்ற சொல்லில் "குறை" இருப்பதால் y ≤ 3 என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அப்படி எழுதினால் பிரதேசம் கீழே ஒரு ஒடுங்கிய பட்டையாக வந்துவிடும், பாய்க் கோடு அதைத் தொடவே தொடாது. ஒரு கட்டுப்பாடு எங்குமே எல்லையாக வரவில்லை என்றால் கேள்வியை இன்னொரு தடவை வாசிப்பது நல்லது.

உப்புக் கோடு (10, 0), (0, 20) வழியாகவும் பாய்க் கோடு (18, 0), (0, 12) வழியாகவும் போகும். நான்கு மூலைகள்: (0, 3), (8.5, 3), (6, 8), (0, 12). இதுவரை எல்லோரும் ஒரே மாதிரித்தான் செய்வார்கள். வகுப்பு இரண்டாகப் பிரிவது இதற்குப் பிறகு.

ஒரு கூட்டம் அட்டவணை போடும். ஒவ்வொரு மூலையையும் P = 3000x + 2500y இல் பிரதியிட்டால் முறையே 7500, 33,000, 38,000, 30,000. பெரியது 38,000. ஆகவே 6 மூட்டை பாரை, 8 மூட்டை நெத்தலி.

மற்றக் கூட்டம் அடிமட்டத்தைத் தள்ளும். P க்கு வசதியான ஒரு பெறுமானம், 15,000 என்று வைத்தால் கோடு (5, 0), (0, 6) வழியாகப் போகும். மூலைமட்டத்தை அந்தக் கோட்டில் பொருத்தி, அடிமட்டத்தை அதன் மற்ற விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூலைமட்டத்தை மேலே வழுக்க வேண்டும். படித்திறன் மாறாமல் கோடு நகரும். பிரதேசத்தை விட்டுக் கழரும் முன் கடைசியாகத் தொடும் இடம் (6, 8). விடை ஒன்றுதான்.

எது நல்லது என்று கேட்டால், எங்கே எது சறுக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அட்டவணையில் நான் அதிகம் காணும் பிழை, கோடுகள் அச்சை வெட்டும் இடங்களை எல்லாம் மூலை என்று எடுத்துக்கொள்வது. (18, 0) ஐ அட்டவணையில் போட்டால் 54,000 வரும், உண்மையான விடையை விடக் கூட! பிள்ளை சந்தோசமாக அதைத் தெரிவுசெய்துவிடும். 18 மூட்டை பாரைக்கு 72 கிலோ உப்பு வேண்டும், இருப்பது 40. நெத்தலி ஒரு மூட்டையும் இல்லை, கடைக்காரரும் சண்டைக்கு வருவார். அட்டவணைக்குக் கண் இல்லை, போட்ட புள்ளியை அது கேள்வி கேட்காது. அடிமட்டத்தில் இந்தப் பிழை வராது, நிழற்றிய இடத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளுகிறோம்.

அடிமட்டம் சறுக்குவது வேறு இடத்தில். இலாபத்தை 2100, 3000 என்று மாற்றிப் பாருங்கள். இலாபக் கோட்டின் சரிவு 0.7, பாய்க் கோட்டினது 0.67 அளவு. 1 சென்ரிமீற்றருக்கு 2 அலகு என்று வரைந்திருந்தால், (6, 8) இல் தொட்டுக்கொண்டு நிற்கும் இலாபக் கோடு y அச்சில் (0, 12) இற்கு மேலே வெறும் 1 மில்லிமீற்றரில் வெட்டும். பென்சில் முனை கொஞ்சம் மழுங்கியிருந்தாலே அது போச்சு. அட்டவணையோ (6, 8) இற்கு 36,600, (0, 12) இற்கு 36,000 என்று தெளிவாகச் சொல்லிவிடும்.

இலாபம் 2000, 3000 ஆனால் கதையே வேறு. ஒரு முறை ஒரு மாணவி கொப்பியோடு எழுந்து வந்தாள்: "சேர், ரெண்டு மூலைக்கும் 36,000 வருது. எங்க பிழை விட்டன்?" பிழையே இல்லை. இலாபக் கோடு பாய்க் கோட்டுக்குச் சமாந்தரம். அடிமட்டத்தைத் தள்ளியிருந்தால் அது ஒரு புள்ளியில் நிற்காமல் விளிம்பு முழுவதிலும் படிந்திருக்கும், (3, 10) உம் விடைதான் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

நான் அடிமட்டத்தின் பக்கம் சாய்வதற்கு உண்மையான காரணம் முழு எண் சிக்கல். பாரைக்கு 3000, நெத்தலிக்கு 1000 என்று வையுங்கள். அட்டவணை (8.5, 3) இல் 28,500 என்கிறது. அரை மூட்டை விற்க முடியாது. உடனே கீழே இறக்கி (8, 3) என்பார்கள், 27,000 வரும். மேலே ஏற்றி (9, 3) என்றால் 42 கிலோ உப்பு, கட்டுப்படி ஆகாது. சரி, இனி மூலைமட்டத்தை (8.5, 3) இல் வைத்து மெதுவாகப் பின்னால் இழுங்கள். முதலில் தட்டுப்படும் முழு எண் புள்ளி (8, 4). உப்பு சரியாக 40, பாய் 28, இலாபம் 28,000. இறக்கி எடுத்த விடையை விட ஆயிரம் ரூபாய் கூட. மூலைகளை மட்டும் பார்க்கும் அட்டவணையில் இந்தப் புள்ளி வரவே வராது.

ஆனால் அடிமட்டம் இரண்டு மாறிகளோடு முடிந்துவிடும். மூன்றாவதாக சூடைக் கருவாடும் சேர்ந்தால் தாளில் தள்ள இடமில்லை. அட்டவணையும் வெகுதூரம் போகாது: 10 மாறி, 10 கட்டுப்பாடு, அதோடு மாறிகள் மறையாகாது என்ற நிபந்தனை என்று வந்தால் சோதிக்க வேண்டிய வெட்டுப்புள்ளிகள் 1,84,756 வரை போகலாம். 1947 இல் ஜோர்ஜ் டான்ட்சிக் கொண்டுவந்த சிம்ப்ளெக்ஸ் முறை எல்லா மூலைகளையும் எண்ணாமல், ஒரு மூலையில் இருந்து அதைவிட நல்ல பக்கத்து மூலைக்கு நகர்கிறது.

வகுப்பில் நான் கேட்பது இரண்டையும்தான், ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் அடிமட்டத்தால் மூலையைக் கண்டுபிடி. பிறகு அங்கே வெட்டும் இரு கோடுகளையும் ஒருங்கமை சமன்பாடாகத் தீர்த்து ஆள்கூறுகளை எடு, வரைபில் இருந்து வாசிக்காதே. (8.5, 3) ஐ (8.4, 3) என்று வாசித்தவர்கள் நிறைய. அப்புறம் அட்டவணை, அதுவும் பிரதேசத்தின் மூலைகளுக்கு மட்டும்.

பயிற்சிக்கு அதே பிரதேசத்தை வைத்துக்கொண்டு இலாபத்தை மட்டும் மாற்றுங்கள். முதலில் 1000, 2000. அடிமட்டம் எங்கே போய் நிற்கிறது, அங்கே எவ்வளவு உப்பு மிஞ்சுகிறது? அடுத்து 4000, 2000. இதில் 40,000 வரும், அது சுலபம். எத்தனை முழு மூட்டைச் சோடிகள் அந்த 40,000 ஐத் தருகின்றன என்று எண்ணுங்கள். இரண்டு என்று வந்தால் உப்புக் கோட்டில் இன்னொரு தடவை விரலை ஓட்டிப் பாருங்கள்.